உலகச் சமயங்கள் திருப்புதல் நாள்: அணி வினாடி வினாவுக்கு விதிகள், மதிப்பெண் முறை வேண்டும்

வைகறை

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். மாணவர்கள் 42 பேர். அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு நாள் திருப்புதலுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். மதிய உணவுக்குப் பிறகு எனக்கு இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம். சமணம், பௌத்தம், ஜொராஸ்டர் சமயம், கன்பூசியம், அவற்றோடு யூதம், கிறித்தவம், இஸ்லாம், சீக்கியம் எல்லாவற்றையும் ஒரு வினாடி வினாவாக நடத்த எண்ணம்.

சென்ற ஆண்டும் நடத்தினேன். யார் முதலில் கை தட்டுகிறார்களோ அந்த அணி பதில் சொல்லலாம், சரியென்றால் 10 மதிப்பெண். மூன்று பிள்ளைகள் மட்டுமே கடைசிவரை பதில் சொன்னார்கள். மற்றவர்கள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் "பைபிளில் எத்தனை நூல்கள்?" என்று கேட்டேன். ஓர் அணி 66 என்றது, நான் சரி என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எங்கள் வீட்டு பைபிளில் 73 இருக்கிறது டீச்சர்" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

இந்த முறை எல்லாப் பிள்ளைகளும் வாய் திறக்க வேண்டும், யார் வீட்டு நம்பிக்கையையும் நான் தவறென்று சொல்லிவிடக் கூடாது. விதிகளும் மாதிரிக் கேள்விகளும் தர முடியுமா?

ஞாயிறு பள்ளி

எங்கள் சபையில் பதினைந்து ஆண்டுகளாக வேத வினாடி வினா நடத்துகிறேன். 66 என்பதே சரி, பழைய ஏற்பாடு 39, புதிய ஏற்பாடு 27. நீங்கள் தவறு செய்யவில்லை, சகோதரி. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, தவறான விடைக்குக் கழிவு வையுங்கள். அப்போதுதான் யோசித்துக் கை தூக்குவார்கள்.

பழைய கரும்பலகை

ஞாயிறு பள்ளி சொன்னது அவருடைய சபையின் பைபிளுக்குச் சரி. கத்தோலிக்கரின் பைபிளில் பழைய ஏற்பாடு 46 நூல்கள். தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை அங்கே உண்டு. எனவே மொத்தம் 73. அந்தப் பெண் சொன்னதும் முழுக்கச் சரி. இந்தக் கேள்வியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. "புதிய ஏற்பாட்டில் எத்தனை நூல்கள்?" என்று மாற்றுங்கள். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் 27தான். பத்துக் கட்டளைகளிலும் இதே பள்ளம் இருக்கிறது. "கொலை செய்யாதே" எத்தனையாவது கட்டளை என்று கேட்டால் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஐந்தாவது என்பார்கள், யூதர்களும் மற்றப் பெரும்பாலான சீர்திருத்தச் சபையாரும் ஆறாவது என்பார்கள். வரிசை எண் கேட்காதீர்கள், கட்டளையைக் கேளுங்கள்.

இனி ஆட்டம். ஓய்வு பெறும் முன் ஏழெட்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்துத் திருத்திய வடிவம் இது.

42 பேரை ஏழு அணியாகப் பிரியுங்கள், அணிக்கு ஆறு பேர். அதற்கு மேல் போனால் அணிக்குள்ளேயே ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். ஒவ்வொரு அணியிலும் பிள்ளைகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். அணிக்கு ஒரு சிலேட்டு. கை தட்டுவது, மணி அடிப்பது எதுவும் வேண்டாம். எல்லாக் கேள்வியும் எல்லா அணிக்கும்.

முதல் சுற்று பத்துக் கேள்வி. கேள்வியைப் படித்ததும் அரை நிமிடம் அணிக்குள் பேசிக்கொள்ளலாம். பிறகு வாய் மூட வேண்டும். அதற்குப் பிறகுதான் நீங்கள் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்கிறீர்கள். நான்கு வந்தால் எல்லா அணியிலும் நான்காம் எண் பிள்ளை சிலேட்டை வாங்கித் தனியாக எழுத வேண்டும். ஏழு சிலேட்டும் ஒரே நேரத்தில் உயர வேண்டும். யார் பெயர் வரும் என்று தெரியாததால், விடை தெரிந்த பிள்ளை அந்த அரை நிமிடத்தில் தன் அணியில் ஐந்து பேருக்கும் சொல்லிக் கொடுத்தே தீர வேண்டும். உங்கள் மூன்று கெட்டிக்காரர்களும் அங்கே ஆசிரியர்களாகிவிடுவார்கள். சீட்டைப் பேச்சுக்கு முன்பே எடுத்துவிட்டால் இது நடக்காது. நான் முதல் ஆண்டு அப்படிச் செய்து கெடுத்தேன்.

இரண்டாம் சுற்று எட்டுக் கேள்வி. இங்கே ஒவ்வோர் அணிக்கும் 1, 2, 3 என்று மூன்று அட்டை. விடையை எழுதியபின், அது சரி என்பதில் எவ்வளவு உறுதி என்று ஓர் அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். விடை சரியென்றால் அட்டையில் உள்ள அளவு வரவு. தவறென்றால் 1-க்கு இழப்பு இல்லை, 2-க்கு இரண்டு போகும், 3-க்கு ஆறு போகும்.

மூன்றாம் சுற்று துப்புப் படிக்கட்டு. அதைப் பிறகு எழுதுகிறேன், கை வலிக்கிறது.

ஞாயிறு பள்ளி

கத்தோலிக்க பைபிள் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் மட்டுமே கேட்டுப் பழகிவிட்டேன். ஆனால் 3-க்கு ஆறு கழிப்பது அநியாயமாக இருக்கிறதே. மூன்று கிடைக்கும் என்றால் மூன்று போகட்டும், இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று. அதுதானே நியாயம்?

பழைய கரும்பலகை

பார்க்க நியாயமாகத்தான் தெரியும். போட்டுப் பார்ப்போம். ஓர் அணிக்குப் பத்துக் கேள்வியில் ஆறு சரியாக வரும் என்று வையுங்கள். உங்கள் முறையில் எல்லாவற்றுக்கும் 1 வைத்தால் 6 வரவு, 4 செலவு, மிச்சம் 2. எல்லாவற்றுக்கும் 3 வைத்தால் 18 வரவு, 12 செலவு, மிச்சம் 6. ஆக, பாதிக்குச் சற்று மேல் தெரிந்தாலே கண்ணை மூடிக்கொண்டு 3 வைப்பதுதான் லாபம். பிள்ளைகள் மூன்றாம் கேள்விக்குள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அட்டைக்கு வேலை இல்லை.

0, 2, 6 என்று இழப்பு வைத்தால் அதே அணிக்கு எல்லாம் 1 என்றால் 6 கிடைக்கும், எல்லாம் 2 என்றால் 4, எல்லாம் 3 என்றால் ஆறு கடன். ஒன்பது சரியாகச் சொல்லும் அணிக்கு 1 வைத்தால் 9, 2 வைத்தால் 16, 3 வைத்தால் 21. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நம்பிக்கை இருந்தால் 2, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருந்தால் மட்டும் 3. உண்மையாக நடந்துகொள்பவருக்குத்தான் லாபம். இந்தக் கணக்கு என்னுடையது அன்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கார்ட்னர் மெட்வின் என்ற பேராசிரியர் மருத்துவ மாணவர்களுக்காகக் கொண்டுவந்தது. தவறான மருந்தை உறுதியோடு எழுதுபவர், தெரியவில்லை என்பவரைவிட ஆபத்தானவர் அல்லவா?

நம் பாடத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், சமயப் பாடத்தில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் உறுதியான பிழைகள். "புத்தர் முதல் அறவுரையை எங்கே நிகழ்த்தினார்?" என்று கேட்டுப் பாருங்கள். புத்த கயா என்று எழுதிவிட்டு 3 வைப்பார்கள். காதில் அதிகம் விழுந்த பெயர் அதுதான். புத்த கயாவில் ஞானம் பெற்றார், முதல் அறவுரை சாரநாத்தில், மான் பூங்காவில். ஒரே நொடியில் ஆறு போவதை அந்த அணி தேர்வு அறையில் மறக்காது. பயந்துகொண்டே சாரநாத் என்று எழுதி 1 வைத்த அணியும் இருக்கும். அவர்களுக்கும் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று.

குரூப் 4 பயணி

ஐயா, நான் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். சமணத்தைத் தோற்றுவித்தவர் மகாவீரர், சீக்கியத்தைத் தோற்றுவித்தவர் குரு நானக், இந்து சமயத்தைத் தோற்றுவித்தவர் யாருமில்லை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். டீச்சருக்கு உதவும். இங்குள்ள கேள்விகளை நான்கு விடைகளோடு தந்தால் எனக்கும் உதவியாக இருக்கும். மைனஸ் மதிப்பெண் எங்கள் தேர்வில் உண்டா, யாருக்காவது தெரியுமா?

பழைய கரும்பலகை

தம்பி, இது ஒரு வகுப்பறை ஆட்டத்தைப் பற்றிய இழை. உங்கள் தேர்வு விதியை அறிவிக்கையில்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். சமணர்களின் கணக்கில் மகாவீரர் 24-ஆவது தீர்த்தங்கரர், முதலாமவர் ரிஷபர். "தோற்றுவித்தவர்" என்று கேட்டால் ஒரு சமணப் பிள்ளைக்கு அது தவறான கேள்வி. மேல்சித்தாமூர் பக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, அந்தப் பிள்ளை நம் வகுப்பிலேயே இருக்கலாம். "மகாவீரர் எத்தனையாவது தீர்த்தங்கரர்?" என்று கேளுங்கள்.

நான்கு விடைகள் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. குருட்டாம்போக்கில் நான்கில் ஒன்று விழும், அட்டைச் சுற்றின் கணக்கு அதில் குழம்பும்.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கு பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைத்தான் பாடமாகப் படிக்கும். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம். சாதாரண தரப் பரீட்சையிலும் அப்படித்தான். எல்லாச் சமயங்களையும் ஒரே வகுப்பில் படிக்கும் வாய்ப்பு உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது, அதை நினைக்கப் பொறாமையாக இருக்கிறது.

நானும் ஒருமுறை தரம் 9 பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து இப்படி ஒரு போட்டி வைத்தேன். இஸ்லாம் பற்றிய கேள்வி வந்ததும் ஓர் அணியில் எல்லோரும் ஒரு பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். "உன் சமயம்தானே, நீ சொல்லு" என்றார்கள். அவனுக்கு விடை தெரியவில்லை. காது சிவந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அதன்பின் அவன் எதற்கும் வாய் திறக்கவில்லை. தயவுசெய்து தொடக்கத்திலேயே ஒரு விதி சொல்லுங்கள்: யாரையும் அவர் சமயத்தைச் சொல்லிக் கைகாட்டக் கூடாது, பாடப்புத்தகத்தில் உள்ளதுதான் கேள்வி.

தறிக்காரர் மகள்

நான் ஆசிரியை இல்லை, ஒரு தாய். என் மகன் ஒருமுறை இப்படி ஒரு போட்டியில் மைனஸ் வாங்கி வந்து, இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அவன் எண்ணைத்தான் கூப்பிட்டார்களாம், அவனால்தான் அணி தோற்றது என்று சொன்னார்களாம். விளையாட்டு என்கிறீர்கள், எதற்குக் கழிக்க வேண்டும்?

பழைய கரும்பலகை

அம்மா, நீங்கள் சொன்னதில் இரண்டு இருக்கிறது. தனி ஒரு பிள்ளை எழுதும் முதல் சுற்றில் கழிவே இல்லை, சரியென்றால் ஒன்று வரும், அவ்வளவுதான். கழிவு உள்ள இரண்டாம் சுற்றில் விடையும் அட்டையும் ஆறு பேரும் சேர்ந்து முடிவு செய்வது. இழப்பை ஒருவர் தலையில் கட்ட முடியாது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் உங்கள் மகனுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

கரும்பலகையில் மைனஸ் எழுதுவதையும் நான் விட்டுவிட்டேன். புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். ஒவ்வோர் அணிக்கும் தொடக்கத்தில் இருபது கொட்டை ஒரு கிண்ணத்தில். சரியென்றால் நான் போடுவேன், தவறென்றால் அவர்களே எடுத்துத் திருப்பித் தர வேண்டும். ஆறுக்குக் குறைவாக இருக்கும் அணி 3-ஐ வைக்க முடியாது. இரண்டுக்குக் குறைந்தால் 1 மட்டும். ஆகவே யாரும் பூஜ்யத்துக்குக் கீழே போக மாட்டார்கள். ஏழு அணிக்கு ஐந்நூறு கொட்டை போதும். முதல் நாளே கழுவிக் காய வையுங்கள், இல்லாவிட்டால் சிலேட்டெல்லாம் பிசுபிசுக்கும்.

தறிக்காரர் மகள்

கொட்டை என்றால் அவ்வளவு வலிக்காது என்று தோன்றுகிறது. ஆனாலும் கடைசியில் யாரிடம் எவ்வளவு என்று எண்ணத்தானே போகிறார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

வைகறை

எல்லாருக்கும் நன்றி. துப்புப் படிக்கட்டு என்றால் என்ன, ஐயா?

பழைய கரும்பலகை

ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்து துப்புகள் ஒவ்வொன்றாகப் படிப்பது. முதல் துப்பிலேயே சீட்டு எழுதிக் கொடுத்தால் ஐந்து கொட்டை, இரண்டாவதில் நான்கு, கடைசியில் ஒன்று. அணிக்கு ஒரே சீட்டு, கொடுத்தபின் மாற்ற முடியாது. ஒன்று எழுதித் தருகிறேன்.

ஐந்து: இவர் பாடியவை என்று கருதப்படும் பாடல்களுக்குக் காதைகள் என்று பெயர்.
நான்கு: இவர் போற்றிய இறைவன் அகுர மஸ்தா.
மூன்று: இச்சமயத்தின் புனித நூல் அவெஸ்தா.
இரண்டு: இச்சமயத்தார் ஈரானிலிருந்து கடல் வழியே குஜராத்துக்கு வந்தார்கள்.
ஒன்று: இந்தியாவில் அவர்களைப் பார்சிகள் என்கிறோம்.

விடை ஜொராஸ்டர். பலர் "நெருப்பை வணங்குபவர்கள்" என்பதை முதல் துப்பாக வைப்பார்கள். வைக்காதீர்கள். வேள்வித் தீ வேதத்திலும் உண்டு என்பதால் துப்பு வேறு பக்கம் இழுக்கும். அதோடு, பார்சிகள் நெருப்பைக் கடவுளாக வணங்குவதில்லை, இறைவனின் தூய்மைக்கு அடையாளமாகக் காக்கிறார்கள். அந்தச் சொல் அவர்களுக்கு வருத்தம் தரும்.

நேரம் இப்படிப் பிரியும்: விதி சொல்லி அணி பிரிக்க 8 நிமிடம். முதல் சுற்று கேள்விக்கு இரண்டு நிமிடம் வீதம் 20. இரண்டாம் சுற்று கேள்விக்கு மூன்று வீதம் 24. படிக்கட்டு மூன்று, தலா நான்கு நிமிடம், 12. மீதி 16 நிமிடம், அதிகம் பேர் தவறிய கேள்விகளைத் திரும்பப் பேச. நேரம் போதாவிட்டால் படிக்கட்டில் ஒன்றைக் குறையுங்கள், அந்தப் பதினாறில் கை வைக்காதீர்கள்.

முதல் சுற்றுக்குச் சில கேள்விகள். ஹிஜ்ரி ஆண்டு எந்த நிகழ்விலிருந்து தொடங்குகிறது? (நபிகள் 622-இல் மக்காவிலிருந்து மதீனா சென்றது.) கால்சா 1699-இல் எங்கே தொடங்கப்பட்டது? (ஆனந்த்பூர் சாகிப்.) யூதரின் ஓய்வுநாள் எப்போது தொடங்குகிறது? (வெள்ளி சூரியன் மறையும்போது. "சனி" என்று மட்டும் எழுதினால் பாதிதான், நான் கொட்டை தர மாட்டேன்.) 1568-இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இந்தியாவில் எந்த ஊரில் இருக்கிறது? (கொச்சி.)

இரண்டாம் சுற்றுக்குக் காரணம் கேட்கும் கேள்வி வையுங்கள். எனக்குப் பிடித்தது இது: ரமலான் கோடையிலும் மழையிலும் மாறி மாறி வருகிறது, யூதரின் பாஸ்கா மட்டும் எப்போதும் வசந்தத்திலேயே வருகிறது, இரண்டுமே நிலாக் கணக்குதானே, ஏன்? பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள். சூரிய ஆண்டைவிடப் பதினொன்று குறைவு. இஸ்லாமிய நாட்காட்டி அதை அப்படியே விட்டுவிடுகிறது, அதனால் ஏறக்குறைய 33 ஆண்டில் ரமலான் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. யூதர்கள் 19 ஆண்டுக்கு ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்கிறார்கள்.

ஞாயிறு பள்ளி

தீபாவளி எந்தச் சமயத்தின் பண்டிகை என்றும் கேட்கலாமே. எளிமையானது, எல்லாரும் சொல்வார்கள்.

பனங்கூடல்

எளிமையானது இல்லை. அந்த நாள்களில் சமணர்கள் மகாவீரரின் நிர்வாணத்தை நினைவுகூருகிறார்கள். குவாலியர் கோட்டையிலிருந்து குரு ஹர்கோபிந்த் விடுதலையானதைச் சீக்கியர்கள் கொண்டாடுகிறார்கள். "தீபாவளியையொட்டிச் சமணர்கள் எதை நினைவுகூருகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டால் நல்ல அட்டைக் கேள்வி.

வைகறை

நேற்று நடத்திவிட்டேன். 80 நிமிடம் போதவில்லை, ஒரு படிக்கட்டை விட்டுவிட்டேன்.

சாரநாத் கேள்விக்கு ஏழில் நான்கு அணி புத்த கயா என்று எழுதியது. அதில் மூன்று அணி 3 வைத்திருந்தது. கிண்ணத்திலிருந்து ஆறு கொட்டையை எண்ணி எடுத்துத் தந்தபோது அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைசிப் பதினாறு நிமிடத்தில் முதல் வேலையாக லும்பினி, புத்த கயா, சாரநாத், குசிநகரம் நான்கையும் வரைபடத்தில் போட்டேன். பிறந்தது, ஞானம் பெற்றது, பேசியது, மறைந்தது என்று அவர்களே வரிசையாகச் சொன்னார்கள்.

பாஸ்கா கேள்விக்கு விடை வந்த விதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. சென்ற ஆண்டு முழுக்கப் பேசாத ஒரு மாணவி, அவள் வீட்டில் தெலுங்குப் பஞ்சாங்கம் பார்ப்பார்கள், "அதிக மாதம் போல ஒன்று அவர்களிடமும் இருக்க வேண்டும்" என்று அணிக்குச் சொல்லியிருக்கிறாள். பாடத்தில் இல்லாததை வீட்டிலிருந்து எடுத்து வந்து காரணம் கண்டாள். மற்றவர்கள் பயந்து 1 வைத்ததால் ஒரு கொட்டைதான் கிடைத்தது. நான் கூடுதலாகத் தரவில்லை. தந்திருக்கலாமோ என்று யோசிக்கிறேன்.

கைகாட்டக் கூடாது என்ற விதியை முதலிலேயே சொன்னேன். ஓர் அணியில் மட்டும் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஒரு வழக்கு இன்னும் முடியவில்லை. "சீக்கிய சமயத்தில் குருக்கள் எத்தனை பேர்?" என்று நானே ஒரு கேள்வி சேர்த்தேன். ஐந்து அணி பத்து என்று எழுதியது. ஓர் அணி பதினொன்று என்று எழுதி 3 வைத்தது. குரு கோபிந்த் சிங்குக்குப் பிறகு குரு கிரந்த் சாகிப்தான் குரு என்று பாடத்திலேயே இருக்கிறதே, நூலும் குருதானே என்று கேட்டார்கள். ஆறு கொட்டையை வாங்கவும் மனமில்லை, மூன்றைக் கொடுக்கவும் துணிவில்லை. கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய கரும்பலகை

கொடுங்கள், டீச்சர். கேள்வியில் "எத்தனை பேர்" என்று இருப்பதால் பத்து சரி, சீக்கியர் நம்பிக்கைப்படி நூலையும் குருவாக எண்ணினால் பதினொன்றும் சரி. அடுத்த முறை "மனித குருக்கள்" என்று எழுதுங்கள்.

ஞாயிறு பள்ளி

எனக்கு உடன்பாடில்லை. "பேர்" என்றாலே ஆட்கள்தான். ஆனால் ஆறைப் பிடுங்குவதும் சரியில்லை. இரண்டும் வேண்டாம், கேள்வியை நீக்கிவிட்டு எல்லா அணிக்கும் பழைய கணக்கையே வையுங்கள்.

பனங்கூடல்

திங்கட்கிழமை அந்த அணியையே எழுந்து நின்று காரணம் சொல்லச் சொல்லுங்கள், மற்ற ஆறு அணியும் கேட்டு முடிவு செய்யட்டும். என்ன முடிவானது என்று இங்கே எழுதுங்கள்.